மண்டையழுத்தம், ஹைட்ரோகெஃபாலஸ்: விளக்கத்துடன் பயிற்சிக் கேள்விகள்

இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு, சேலம்

தலைவலி, வாந்தி, வீங்கிய ஆப்டிக் டிஸ்க் மூன்றும் சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். எங்கே அடைப்பு, அடைப்பு இருக்கிறதா இல்லையா என்பதற்குக் கேள்வியில் வேறு துப்பு இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி 1. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பதியின் 6 வயது மகன். மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி. வாந்தி எடுத்தால் கொஞ்சம் குறைகிறது. பூச்சி மருந்தும் வயிற்றுக்கு மருந்தும் கொடுத்தாயிற்று. "நடந்தா தள்ளாடுறான் சார், உக்காந்தாக்கூட சாயுறான்" என்கிறார் அம்மா. காய்ச்சல் இல்லை. இரண்டு கண்ணிலும் டிஸ்க்கின் ஓரம் மங்கியிருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

அ) வாந்தி மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்து வரச் சொல்வது
ஆ) லம்பார் பஞ்சர்
இ) அவசரமாக மூளை ஸ்கேன்
ஈ) கண்ணாடி போடச் சொல்வது

விடை: இ. உட்காரும்போதே உடம்பு சாய்கிறது என்பதுதான் இங்கே சாவி. அது சிறுமூளையின் நடுப்பகுதியான வெர்மிஸைக் காட்டுகிறது. அதற்கு நேர் முன்னால் இருப்பது நான்காவது வெண்ட்ரிக்கிள். இந்த வயதில் அங்கே மெடுல்லோபிளாஸ்டோமாவை முதலில் நினைக்க வேண்டும்.

இப்போது பாதையைப் பாருங்கள். திரவம் பெரும்பாலும் கோராய்டு பிளெக்ஸஸில் சுரக்கிறது. பக்க வெண்ட்ரிக்கிள்களிலிருந்து மன்ரோ துளை வழியாக மூன்றாவதுக்கு வந்து, சில்வியஸ் நாளத்தைக் கடந்து நான்காவதுக்குப் போகிறது. அங்கிருந்து நடுவில் மெகண்டி, இரு பக்கமும் லுஷ்கா துளைகள் வழியாக சப்அரக்னாய்டு இடைவெளிக்கு வெளியேறுகிறது. கடைசியில் அரக்னாய்டு கிரானுலேஷன்கள் அதைச் சிரைக்குழிகளில் சேர்க்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளில் சுமார் 500 மி.லி. சுரக்கிறது, எந்நேரமும் உள்ளே இருப்பது சுமார் 150 மி.லி.தான். பாதை அடைபட்டாலும் சுரப்பு நிற்பதில்லை. அதனால் இந்தப் பையனுக்கு நான்காவதுக்கு மேலே உள்ளதெல்லாம் விரிந்திருக்கும்.

தலைவலி ஏன் காலையில்? படுத்திருப்பதால் தலையிலிருந்து சிரை ரத்தம் வடிவது குறைகிறது. தூக்கத்தில் மூச்சு மெதுவாகி கார்பன் டை ஆக்சைடு கூடுவதால் மூளை ரத்தக் குழாய்களும் விரிகின்றன.

'ஆ' எழுதியவர்கள் இதை இன்றே மனதில் பதிய வையுங்கள். கீழே ஊசி போட்டுத் திரவத்தை எடுத்தால், சிறுமூளை டான்சில்கள் ஃபோராமென் மேக்னத்துக்குள் இறங்கி மெடுல்லாவை நசுக்கும். குழந்தை அந்தப் படுக்கையிலேயே மூச்சை நிறுத்திவிடலாம். தலைவலி என்று வரும் எந்தக் குழந்தையையும் ஆஃப்தால்மோஸ்கோப்பால் கண்ணைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி 2. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைக்கும் 26 வயதுப் பெண். உடல் எடை அதிகம். தலைவலி; குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் இருட்டுகிறது; தூரத்தில் பார்த்தால் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. இரு டிஸ்க்கும் வீங்கியுள்ளன. எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை, வெண்ட்ரிக்கிள்கள் இயல்பு, சிரைக்குழிகளில் ரத்தக்கட்டு இல்லை. லம்பார் பஞ்சரில் அழுத்தம் 34 செ.மீ. நீர், திரவப் பரிசோதனை இயல்பு. நோய் என்ன?

விடை: இடியோபதிக் இன்ட்ராகிரேனியல் ஹைப்பர்டென்ஷன். அழுத்தம் உண்டு, ஹைட்ரோகெஃபாலஸ் இல்லை. இரட்டைப் பார்வைக்குக் காரணம் ஆறாவது நரம்பு. ஆனால் அது கட்டி இருக்கும் இடத்தைக் காட்டாது; அழுத்தம் எங்கிருந்து ஏறினாலும் அந்த நரம்பு இழுபடும். எடைக் குறைப்பும் அசிட்டசோலமைடும் சிகிச்சை. பறிபோகக்கூடியது பார்வை என்பதால் பார்வைப் புலத்தைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும்.

கேள்வி 3. வாழப்பாடியிலிருந்து 4 மாதக் குழந்தை. தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுகிறது, உச்சிக்குழி புடைத்திருக்கிறது, கண்மணி கீழே இறங்கியே நிற்கிறது. டிஸ்க் இயல்பு. ஹைட்ரோகெஃபாலஸ் இல்லை என்று சொல்லலாமா?

விடை: சொல்லக் கூடாது. மண்டை ஓட்டின் இணைப்புகள் இன்னும் மூடவில்லை. தலை விரிந்து கொடுக்கிறது. அதனால் டிஸ்க் வீங்காமலே இருக்கலாம்.

கேள்வி 4. ஏற்காடு மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் பைக் விழுந்து, ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்த இளைஞர். நினைவில்லை. ரத்த அழுத்தம் 180/90, நாடி 48, மூச்சு ஒழுங்கில்லை. டிஸ்க் இயல்பு. பிறகு அளந்ததில் மண்டையழுத்தம் 40 மி.மீ. பாதரசம். ரத்த அழுத்தத்தை 120/75க்கு இறக்கலாமா?

விடை: இறக்கக் கூடாது. சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டையழுத்தத்தைக் கழித்தால் மூளைக்கு ரத்தம் போகும் அழுத்தம் கிடைக்கும். இப்போது 120 − 40 = 80. இறக்கினால் 90 − 40 = 50; தேவைப்படுவது 60 முதல் 70. மூளையைக் காப்பாற்றத்தான் உடல் ரத்த அழுத்தத்தை ஏற்றியிருக்கிறது. இது குஷிங் மும்மை. இறக்க வேண்டியது மண்டையழுத்தத்தை: மூச்சுக்குழாயைப் பாதுகாத்து, படுக்கையின் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி, மானிட்டால் கொடுத்து, ஸ்கேனுக்கும் நரம்பியல் அறுவை மருத்துவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லி அனுப்புங்கள். டிஸ்க் வீங்கப் பல மணி நேரம், சில சமயம் நாட்களே ஆகும். இவருக்கு அதற்கு இன்னும் நேரமாகவில்லை.