நேத்து ரிலீஸ் மீட்டிங் மிஸ் பண்ணிட்டேன், நோட்ஸோ ரெக்கார்டிங்கோ கிடைக்குமா?

எல்லாருக்கும் வணக்கம், முதல்ல சாரி. நேத்து 11 மணி மீட்டிங்குக்கு வர முடியல. பையனுக்கு ஜுரம்னு ஸ்கூல்ல இருந்து போன், அப்படியே கிளம்பி டாக்டர்கிட்ட போயிட்டேன், போற அவசரத்துல குரூப்ல ஒரு வரி போடக்கூட தோணல, அது என் தப்புதான். இப்போ பரவால்ல, ஜுரம் இறங்கிடுச்சு, மாத்திரை குடுக்கறதுதான் பெரிய போராட்டமா இருக்கு.

மீட்டிங் சாட்டை மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சு பார்த்தேன். கடைசில "சரி அப்போ அதையே பண்ணிடலாம்"னு ஒரு மெசேஜ், அதுக்கு கீழ வரிசையா 4 தம்ஸ் அப். "அது" எதுன்னுதான் தெரியல 😅 அதுக்கும் மேல "எக்ஸ்போர்ட் பாத்துக்குவாங்க"னு என்னை டேக் பண்ணிருக்கீங்க, அதான் கொஞ்சம் பயமாவே இருக்கு.

ரெக்கார்டிங் லிங்க் சாட்ல கிடக்கு, ஆனா கிளிக் பண்ணா உனக்கு ஆக்சஸ் இல்லன்னு வருது. ரிக்வஸ்ட் அனுப்பிட்டேன், மீட்டிங் போட்டவங்க மெயில் பாக்கும்போது ஒரு அப்ரூவ் மட்டும் தட்டி விட்டீங்கன்னா போதும். முழு ஒன்றரை மணி நேரமும் நான் உக்காந்து பாக்கணும்னு இல்ல, ரிப்போர்ட் ஸ்கிரீன் பேச்சு எத்தனையாவது நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு யாருக்காவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க, அங்கேயே போய் பாத்துக்கறேன்.

நோட்ஸ் யாராவது எடுத்திருந்தா அப்படியே அனுப்புங்க, இதுக்காக உக்காந்து அழகா டைப் பண்ண வேணாம், நோட்டுல கிறுக்கினதை போட்டோ எடுத்து போட்டா கூட ஓகே. டெஸ்டிங் அக்கா, நீங்க எப்பவும் எழுதுவீங்கன்னு தெரியும், உங்க கையெழுத்து எனக்கு பழகிடுச்சு, தைரியமா அனுப்புங்க.

எனக்கு நிஜமா தெரிய வேண்டியது, ரிலீஸ் அதே வெள்ளிக்கிழமைதானா இல்ல தள்ளிப் போச்சா, எக்ஸ்போர்ட்ல எக்செல் மட்டும் போதுமா பிடிஎஃபும் வேணுமா, அப்புறம் பழைய கஸ்டமர் டேட்டாவை மாத்தற வேலை யார் தலைல விழுந்துச்சு. பிடிஎஃப் வேணும்னா அந்த ஒண்ணுக்கே எனக்கு ரெண்டு நாள் ஆகும், அதனால இன்னைக்கே தெரிஞ்சா நல்லது, பாதி கோடு எழுதினப்புறம் தெரிஞ்சா எல்லாத்தையும் கலைக்கணும்.

நோட்ஸ் பாத்த பிறகும் டவுட் வரும், கண்டிப்பா வரும். அதனால இன்னைக்கு மதியம் 3:30க்கு ஒரு 15 நிமிஷம் யாராவது ஒருத்தர் குடுக்க முடியுமா? எல்லாரும் வரணும்னு இல்ல, மறுபடியும் ஒரு மீட்டிங்கான்னு யாரும் திட்டாதீங்க. 3:30 ஒத்து வரலன்னா நாளைக்கு காலைல ஸ்டாண்டப்புக்கு முன்னாடி 9:45க்கு வச்சுக்கலாம். யாருக்கு எது வசதின்னு இங்கேயே ஒரு வார்த்தை போடுங்க, காலண்டர்ல இன்வைட் நான் போட்டுடறேன்.

அதுவரைக்கும் எக்செல் பார்ட்டை மட்டும் ஆரம்பிச்சு வைக்கிறேன், அது எப்படியும் வேணும்தானே. வேணாம்னு முடிவு பண்ணிருந்தா இப்பவே சொல்லிடுங்க 🙏