முதலாம் வருட மாணவர் வரவேற்பு உரை: நுண்கணிதம் உங்களுக்கு எதற்கு?

பீடாதிபதி அவர்களே, சக விரிவுரையாளர்களே, ஆய்வுகூட உத்தியோகத்தர்களே, பின்வரிசையில் இருக்கிற அம்மா அப்பாமாரே, முதலாம் வருடப் பிள்ளைகளே, எல்லோருக்கும் காலை வணக்கம்.

அறிவியல்நகருக்கு வாருங்கோ. கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு பஸ்சில் வந்தவர்களுக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தவர்களும் இருப்பீர்கள். நல்லது. வெயிலுக்கும் புழுதிக்கும் ஒரு மாதத்தில் பழகிவிடுவீர்கள்.

சிங்களப் பிள்ளைகளுக்கு இதே விஷயத்தை என் சக விரிவுரையாளர் பக்கத்து மண்டபத்தில் அவர்களுடைய மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை தொடக்கம் எல்லோருக்கும் ஒரே மண்டபம், விரிவுரை ஆங்கிலத்தில். அதனால் தமிழில் நீட்டிப் பேச எனக்குக் கிடைக்கிற வசதியான நாள் இதுதான்.

போன வருடம் ஒரு மாணவன் என்னிடம் வந்து கேட்டான்: "சேர், இணைந்த கணிதத்தில் ஏ எடுத்துத்தானே வந்தனாங்கள். திரும்பவும் ஏன் வகையீடும் தொகையீடும்? நாங்கள் பாலம் கட்டத்தானே வந்தது?" நியாயமான கேள்வி. இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி மனதுக்குள் இருக்கும். குடிசார் பொறியியல் துறையின் தலைவர் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்வது என் கடமை.

உயர்தரத்தில் உங்களுக்குச் சார்பைத் தருவார்கள், நீங்கள் வகையிடுவீர்கள். பாஸ்ட் பேப்பர் செய்து செய்து, வினாவைப் பார்த்த உடனேயே எந்தப் பிரதியீடு என்று கை எழுதத் தொடங்கிவிடும். இனி உங்களுக்கு யாரும் சார்பைத் தரமாட்டார்கள். மாறிக்கொண்டிருக்கிற ஒரு பொருளைத்தான் உங்களுக்கு முன்னால் வைப்பார்கள். அது எந்த வீதத்தில் மாறுகிறது, மாறி மாறி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் நீங்களே எழுப்ப வேண்டும். நுண்கணிதம் என்று நான் சொல்வது அந்த இரண்டு கேள்விகளையும்தான். மற்றதெல்லாம் கைவேலை.

கிட்ட இருக்கிற குளத்தையே எடுப்போம். இரணைமடு. காலபோகத்து மழையில் கனகராயன் ஆறு தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. துரிசாலும் வான் கதவுகளாலும் தண்ணீர் வெளியேறுகிறது. உள்ளே வரும் வீதம் I, வெளியே போகும் வீதம் Q, குளத்தில் உள்ள நீரின் கனவளவு S என்று வைத்தால்,

dS/dt = I − Q

அவ்வளவுதான் சமன்பாடு. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் இதற்குள் இருப்பதைப் பாருங்கள்.

2018 மார்கழி வெள்ளத்தைக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரம் நீங்கள் பள்ளிக்கூடத்தில். வெள்ள நேரத்தில் சனம் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மழை விட்டிட்டுதே, பிறகும் ஏன் குளம் ஏறுது?" மேலே இருக்கிற சமன்பாடு பதில் சொல்கிறது. மழை விட்ட பிறகும் காட்டுக்குள்ளிருந்து தண்ணீர் வடிந்து ஆற்றுக்கு வந்துகொண்டிருக்கும். வரத்து உச்சத்துக்குப் போய்க் குறையத் தொடங்கிய பிறகும், அது வெளியேற்றத்தை விடக் கூடவாக இருக்கும் வரைக்கும் dS/dt நேர்ப் பெறுமானம்தான். குளம் ஏறிக்கொண்டே இருக்கும். நீர்மட்டம் உச்சத்தைத் தொடுவது மழை நிற்கும் நேரத்திலும் அல்ல, வரத்து உச்சமாகும் நேரத்திலும் அல்ல. I உம் Q உம் சமப்படுகிற நேரத்தில். உயர்தரத்தில் "உயர்வுப் புள்ளியில் வகையீடு பூச்சியம்" என்று எத்தனை தரம் எழுதியிருப்பீர்கள்? குளக்கட்டில் நிற்கிற பொறியியலாளருக்கு, கீழே இருக்கிற ஊரை எப்போது எழுப்புவது என்று சொல்கிற வரி அதுதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை இரணைமடுவின் உண்மையான அளவீடுகள் இல்லை, கணக்குக்கு இலகுவாக நான் எடுத்தவை. வரத்து செக்கனுக்கு 300 கன மீற்றர், வெளியேற்றம் 220. மிச்சம் 80. குளத்தின் நீர்ப்பரப்பு 20 சதுர கிலோமீற்றர், அதாவது 2 கோடி சதுர மீற்றர். எண்பதை அதால் பிரித்து 3600 ஆல் பெருக்குங்கள். மணிக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சென்ரிமீற்றர். கட்டில் நின்று பார்க்கிறவனுடைய கண்ணுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. இரவு முழுக்கப் பன்னிரண்டு மணித்தியாலம் அப்படியே போனால் 17 சென்ரிமீற்றர். கண் நம்பாததைக் கணக்கு நம்பச் சொல்கிறது.

தொகையீட்டுக்கும் அந்தக் குளமே போதும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் வைக்கும்போது கமக்காரர் கேட்பது "குளத்திலை எத்தனை அடி தண்ணி?" என்றுதான். ஆனால் ஒரு அடியும் இன்னொரு அடியும் ஒன்றல்ல. எங்களுடைய வன்னி நிலம் தட்டை. குளம் நிரம்ப நிரம்ப நீர் அலைகரைப் பக்கமாகப் பரவிக்கொண்டே போகும். அடியில் இருக்கிற ஒரு அடியில் கொஞ்சத் தண்ணீர், மேலே இருக்கிற ஒரு அடியில் அதைவிடப் பல மடங்கு. உயரம் h இல் நீர்ப்பரப்பு A(h) என்றால், கனவளவு ∫A(h) dh. நீர்ப்பாசனப் பொறியியலாளர்கள் இதை வரைபாகவே வைத்திருப்பார்கள், உயரத்துக்கு எதிரே பரப்பும் கொள்ளளவும். ஆனால் A(h) க்குச் சமன்பாடு இல்லை. நில அளவையாளர் அளந்த எண்கள் மட்டும்தான் இருக்கின்றன. உங்களுடைய பகுதிகளாகத் தொகையிடலும் பிரதியீடும் அங்கே செல்லாது. சரிவக விதியோ சிம்சன் விதியோதான் கை கொடுக்கும். இரண்டாம் தவணையில் படிப்பீர்கள். பல பேர் அதைத் தரம் குறைந்த கணிதம் என்று நினைக்கிறார்கள். எனக்கென்றால் அதுதான் பொறியியலாளனுடைய கணிதம்.

இனி, பாலம் கட்டத்தானே வந்தது என்று கேட்டவனுக்கு. இரண்டு முனையிலும் சும்மா தாங்கியிருக்கிற ஒரு பீம். அதன்மேல் சீரான சுமை. சுமையைத் தொகையிட்டால் வெட்டு விசை, அதைத் தொகையிட்டால் வளைவுத் திருப்பம், பிறகு சாய்வு, பிறகு தொய்வு. நான்கு தரம் தொகையீடு. கடைசியில் நடுவில் வருகிற தொய்வு 5wL⁴/384EI. w மீற்றருக்கான சுமை, L தூண்களின் இடைவெளி, EI பீமின் விறைப்பு; இந்த I குளத்து வரத்து இல்லை. அந்த நான்காம் அடுக்கைப் பாருங்கள். அதே பீம், மீற்றருக்கு அதே சுமை, தூண்களின் இடைவெளியை மட்டும் இரண்டு மடங்காக்குகிறீர்கள். தொய்வு 16 மடங்கு. வீட்டுக்காரர் "நடுவிலை இருக்கிற தூணை எடுத்துவிடுவம் தம்பி, ஹோல் பெரிசா இருக்கும்" என்று சொல்லும்போது உங்களுக்கு வயிற்றைக் கலக்க வேண்டும். மேசன் அனுபவத்தில் சொல்வார், கூடாது என்று. எத்தனை மடங்கு கூடாது என்று சொல்லத்தான் உங்களை நான்கு வருடம் இங்கே வைத்திருக்கிறோம்.

அதிலே இன்னொன்று. தொகையிட்டால் +C போட வேண்டும், விட்டால் ஒரு புள்ளி போகும் என்று படித்தீர்கள். நான்கு தரம் தொகையிட்டால் நான்கு மாறிலி. அவற்றை எங்கிருந்து எடுப்பது? பீம் இருக்கிற இடத்திலிருந்து. இரண்டு முனையிலும் தொய்வு பூச்சியம், திருப்பம் பூச்சியம், ஆக நான்கு நிபந்தனை. ஒரு முனையைச் சுவருக்குள் இறுக்கி மற்ற முனையை அந்தரத்தில் விட்டால் சமன்பாடு அதேதான், மாறிலிகள் வேறு, தொய்வு வேறு. அந்தச் சின்ன C க்குள்தான் பீம் எதன்மேல் இருக்கிறது என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. புள்ளிக்காக அதைப் போடாதீர்கள்.

எல்லோரும் சிவிலுக்கு வரப்போவதில்லை, தெரியும். மின் துறைக்குப் போகிறவர்கள், தோட்டக் கிணற்று மோட்டரை நிறுத்தும்போது சுவிச்சுக்குள் பொறி பறப்பதைக் கண்டிருப்பீர்கள். v = L di/dt. இங்கே L மோட்டர்ச் சுருளின் தூண்டல், i ஓட்டம், v அழுத்தம். ஓட்டம் கண நேரத்தில் பூச்சியமாகப் பார்க்கிறது, வகையீடு மிகப் பெரிதாகிறது, அழுத்தம் ஏறுகிறது, காற்றையே உடைத்துக்கொண்டு பாய்கிறது. கணினிக்காரருக்கு, படத்தில் ஒரு பொருளின் விளிம்பு என்பது பிரகாசம் திடீரென்று மாறுகிற இடம், அதாவது வகையீடு பெரிதாக இருக்கிற இடம். இயந்திரத் துறைக்காரரிடம் நெல் உலர்த்தியின் வெப்பநிலையை நிலையாக வைக்கச் சொன்னால், இப்போதைய பிழை, இதுவரை சேர்ந்த பிழை, பிழை மாறுகிற வீதம் என்ற மூன்றையும் பார்த்துத்தான் சூட்டைக் கூட்டிக் குறைப்பார்கள். மிச்சத்தை அந்தந்தத் துறைத் தலைவர்கள் சொல்லட்டும். அவர்களுடைய நேரத்தை நான் தின்னக்கூடாது.

"இதையெல்லாம் மென்பொருள் செய்யும்தானே சேர்" என்பது அடுத்த கேள்வி. செய்யும். பிழையான தாங்கு நிபந்தனையைக் கொடுத்தாலும் செய்யும். சிவப்பும் நீலமுமாக அழகான படம் தரும். அந்தப் படத்தைப் பார்த்து, "இடைவெளி இரண்டு மடங்கு, தொய்வு மட்டும் ஏன் இரண்டே மடங்கு?" என்று சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் சம்பளம்.

இன்னொரு விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்து, யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ சனி ஞாயிறு ரியூசனுக்குப் போய்வந்து இந்த இடத்தைப் பிடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கொழும்பில் பெயர்பெற்ற வகுப்புகளில் படித்தவர்களும் இருக்கிறீர்கள். முதல் தவணையில் வித்தியாசம் தெரியும். அது கெட்டித்தனத்தின் வித்தியாசம் இல்லை, பழக்கத்தின் வித்தியாசம். ஆங்கிலம் பிடிபடாவிட்டால் வகுப்பு முடிந்ததும் வந்து தமிழில் கேளுங்கள். புதன்கிழமை பின்னேரம் 2 மணியிலிருந்து என்னுடைய அறைக் கதவு திறந்திருக்கும். சூத்திரத்தை மட்டும் கேட்க வராதீர்கள், எங்கே தடக்குப்பட்டது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

பகிடிவதை என்று யாராவது தொந்தரவு தந்தால் எந்த நேரமும் எனக்கோ மாணவ ஆலோசகருக்கோ சொல்லுங்கள். பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன். பிள்ளை சாப்பிடவில்லை, கதைக்கவில்லை என்றால் பொறுத்துப் பார்க்காமல் தொலைபேசி எடுங்கள்.

திங்கட்கிழமை காலை 8 மணிக்கு முதல் கணித வகுப்பு. அன்றைக்கு ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது. புள்ளி எங்கும் பதியப்படாது, யாருக்கு எங்கே உதவி வேண்டும் என்று அறிய மட்டும். கணிப்பான் வேண்டாம், வரைபுத்தாளும் பென்சிலும் கொண்டுவாருங்கள். கேள்விகளில் ஒன்றை இப்போதே தருகிறேன். அடியில் துவாரமுள்ள ஒரு நீர்த் தாங்கி, பக்கங்கள் நேரானவை. நிரம்பிய தாங்கியின் மேல் பாதி வடிய ஒரு நேரம் எடுக்கிறது, கீழ்ப் பாதி வடிய ஒரு நேரம். எது கூட, எத்தனை மடங்கு? துவாரத்தில் வேகம் √(2gh) என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வெளியே தேநீர் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆய்வுகூடப் பாதுகாப்பு பற்றிப் பேசுவார்கள். செருப்போடு வந்தவர்கள் இன்றைக்கு மட்டும் உள்ளே போகலாம், நாளையிலிருந்து சப்பாத்து.