கற்பித்தல் பயிற்சி நிறைவு அறிக்கை: ஏழாம் வகுப்பு, கணிதம்

பெறுநர்: கல்லூரி முதல்வர் மற்றும் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்
அனுப்புநர்: வழிகாட்டி ஆசிரியர், கணிதம்

என் பொறுப்பில் 16 வாரம் பயிற்சி பெற்ற மாணவ ஆசிரியையைப் பற்றிய நிறைவு அறிக்கை இது. முதல் இரண்டு வாரங்கள் அவர் என் வகுப்புகளைக் கவனித்தார். அதன்பின் ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் சேர்த்து 62 பாடவேளைகள் எடுத்தார். 48 பாடவேளைகளில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மீதி 14-இல் வகுப்பை முழுவதுமாக அவரிடம் விட்டுவிட்டு வெளியேறிவிட்டேன். அந்த வகுப்புகளில் நடந்ததை மாணவர்களின் நோட்டுகளைப் புரட்டியும் அவரிடமே கேட்டும் தெரிந்துகொண்டேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் தனியாக வகுப்பு எடுக்கத் தகுதி பெற்றுவிட்டார். ஆனால் முதல் பருவத்தில் இரண்டு விஷயங்களில் பக்கத்தில் ஒருவர் துணை நிற்க வேண்டும்.

பலம்

தவறான விடையை இவர் கையாளும் விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவருக்கு இது வரவில்லை. நான்காம் வாரத்தில், 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று கேட்டார். ஒரு மாணவன் 0.35 என்றான். "தவறு, யாராவது சரியாகச் சொல்லுங்கள்" என்று அடுத்தவரிடம் போய்விட்டார். சரியான விடை கிடைத்தது, பாடமும் நகர்ந்தது. அந்த மாணவனோ நோட்டில் அடுத்த மூன்று கணக்குகளையும் அதே போலத் தவறாகப் போட்டிருந்தான். வகுப்பு முடிந்ததும் அந்த நோட்டை அவர் முன் வைத்தேன். வேறெதுவும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வாரத்தில் மற்றப் பிரிவில் அதே தவறு வந்தது. இம்முறை அவர் அவசரப்படவில்லை. "உனக்கு அது எப்படிப் பெரிதாகத் தெரிகிறது?" என்று கேட்டார். "நாலை விட முப்பத்தைந்து பெரிது" என்றாள் மாணவி. அவள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் 100 சிறு கட்டங்கள் கொண்ட இரண்டு சதுரங்களை வரைந்தார். ஒன்றில் 35 கட்டங்களை அவளே வண்ணமிட்டாள். இன்னொன்றில் பத்து கட்டங்கள் கொண்ட வரிசைகளாக நான்கு வரிசைகளை வண்ணமிடச் சொன்னார். மூன்றாவது வரிசையிலேயே அவள் கை நின்றுவிட்டது. "இது நாற்பது" என்று அவளாகவே சொன்னாள். ஆறு நிமிடம் ஆனது. அன்றைய பாடக்குறிப்பில் அந்த ஆறு நிமிடத்துக்கு இடமில்லை. இருந்தும் அவர் அதைக் கொடுத்தார். ஒரு மாணவ ஆசிரியரிடம் நான் தேடுவது இதைத்தான்.

அதற்குப் பிறகு அவருடைய பாடக்குறிப்புகளும் மாறின. ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்கள் எங்கே தடுக்குவார்கள் என்று முன்கூட்டியே இரண்டு, மூன்று வரிகள் எழுதி வருகிறார். பின்னக் கூட்டலுக்கான குறிப்பில், "தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி ½ + ⅓ = ⅖ என்பார்கள்; ⅖ அரையை விடக் குறைவல்லவா என்று கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்வி வகுப்பில் சரியாக வேலை செய்தது.

பாட அறிவில் குறை இல்லை. பலகை வேலை தெளிவு. நேரம் தவறியதில்லை.

வளர வேண்டியவை

கேள்வி கேட்டபின் வரும் மௌனத்தை இவரால் தாங்க முடியவில்லை. "மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால்?" என்று கேட்பார். யாரும் உடனே கை தூக்காவிட்டால், எண்கோட்டைக் காட்டி "மைனஸ் எட்டு, இல்லையா?" என்று அவரே முடித்துவிடுவார். யோசிக்கத் தொடங்கிய மாணவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். ஒன்பதாம் வாரத்தில் ஒரு பாடவேளை முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். 23 கேள்விகளில் 4 கேள்விகளுக்குத்தான் மூன்று விநாடியாவது காத்திருந்தார். குறிப்பைப் பார்த்து அவர் வருத்தப்பட்டார், மறுக்கவில்லை. பதினைந்தாம் வாரத்தில் மீண்டும் குறித்தபோது 19-இல் 11. முன்னேற்றம் உண்மையானது. ஆனால் மணி அடிக்கப் போகிறது என்று தெரிந்தவுடன் பழைய அவசரம் திரும்பிவிடுகிறது. விடை சொல்பவர்களும் பெரும்பாலும் முன் இரண்டு வரிசையினர்தான்.

இரண்டாவது குறை மதிப்பீடு. அவர் தயாரித்த முதல் தேர்வுத்தாள் 25 மதிப்பெண்ணுக்கானது. அதில் 20 மதிப்பெண், பலகையில் போட்ட கணக்குகளை எண்கள் மாற்றிக் கேட்டவை. காரணம் கேட்கும் வினா ஒன்றுகூட இல்லை. நோட்டுத் திருத்தமும் அப்படியே: சரி, தவறு என்ற குறிகள், நடுநடுவே "நன்று". எங்கே பிசகியது என்று மாணவருக்குத் தெரிவிக்கும் ஒரு வரி அரிது. வகுப்பில் இவ்வளவு நன்றாகத் தவறுகளைக் கேட்கத் தெரிந்தவர், நோட்டில் அதைச் செய்யாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இதில் என் பங்கும் உண்டு. முதல் பத்து வாரம் பாடம் நடத்துவதிலேயே அவரை நிறுத்தி வைத்துவிட்டு, திருத்தும் வேலையைத் தாமதமாகத்தான் கொடுத்தேன்.

குழுவேலை முடிந்து வகுப்பை மீண்டும் ஒருமுகப்படுத்த மூன்று, நான்கு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். இது பழக்கத்தில் சரியாகிவிடும்.

தனியாகக் கற்பிக்கத் தயாரா?

நான் பின்வரிசையில் இருக்கும்போது வகுப்பு அமைதியாக இருப்பதை அவருடைய கணக்கில் சேர்க்க முடியாது. அதனால்தான் அந்த 14 பாடவேளைகளும் எனக்கு முக்கியம். அவற்றில் ஒரு நாள் வகுப்பு கைமீறியது. ஜோடிகளாகப் பிரித்துக் கொடுத்த வேலையில் சத்தம் ஏறி, அவர் குரலை உயர்த்தினார், பயனில்லை. அன்று பாதிப் பாடம் நடக்கவில்லை. இதை நான் கேட்பதற்கு முன்பே அவராக வந்து சொன்னார், என்ன செய்திருக்கலாம் என்றும் சொன்னார். மறுநாள் அதே வேலையை, ஒவ்வொரு ஜோடியும் எதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பலகையில் எழுதிவிட்டுத் தொடங்கினார். அன்றைய நோட்டுகளைப் பார்த்தேன். இரண்டு மாணவர்களைத் தவிர எல்லாரும் முடித்திருந்தார்கள். யாரும் இல்லாதபோது தவறி, அதைத் தானே கண்டு, மறுநாளே சரிசெய்தவரிடம் ஒரு வகுப்பை ஒப்படைக்க எனக்குத் தயக்கமில்லை.

ஆகவே ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு இவரை முழுப் பொறுப்பில் நியமிக்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். முதல் ஆண்டில் பொதுத்தேர்வு வகுப்பு வேண்டாம். வினாத்தாள் அமைப்பதில் இன்னும் கை பழக வேண்டும். முதல் பருவத்தில் அவர் தயாரிக்கும் தேர்வுத்தாள்களை ஒரு மூத்த கணித ஆசிரியர் முன்கூட்டியே பார்க்கட்டும். மாதம் ஒருமுறை யாராவது வகுப்பில் உட்கார்ந்து, கேள்விக்குப் பின் அவர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், பின்வரிசையில் எத்தனை பேர் பேசினார்கள் என்ற இரண்டை மட்டும் குறித்துக் கொடுத்தால் போதும்.

இந்த அறிக்கையை அனுப்பும் முன் அவருக்குப் படிக்கக் கொடுத்தேன். மதிப்பீட்டுப் பகுதியில் அவர் ஒரு திருத்தம் கேட்டார்: கடைசித் தேர்வுத்தாளில் காரணம் கேட்கும் வினாக்கள் இரண்டு இருந்தன, அவற்றை அவரே எழுதினார். அது சரிதான், இங்கே பதிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
வழிகாட்டி ஆசிரியர்