மதிப்பெண் தாள்: களச் சூப்பர்வைசர், காபி எஸ்டேட், ஏற்காடு

விண்ணப்பதாரர் எண் 4. குழுவில் மூவருக்கும் இதே தாள், இதே கேள்விகள். எழுதி முடிக்கும்வரை தங்களுக்குள் பேச வேண்டாம். காரணம் எழுதாத மதிப்பெண் செல்லாது. "நல்ல பையன்", "நம்ம ஊர்க்காரர்" எல்லாம் காரணம் ஆகாது.

பறிப்பு அறிவு
1: காய், பழம் பேதம் தெரியாது
3: சிவந்த பழம் மட்டும் பறிக்கச் சொல்வார்
5: அன்றே பல்ப்பிங் செய்வது ஏன் என்றும் சொல்வார்
மதிப்பெண்: 5
காரணம்: "குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும், வாசனை கெடும்" என்றார்.

ஆட்களை நடத்துதல்
1: அதட்டல் மட்டுமே
3: இரு தரப்பையும் கேட்பார்
5: தான் தீர்த்த தகராறைச் சொல்வார்
மதிப்பெண்: 3
காரணம்: எடைத் தகராறு வந்தால் மறுபடி நிறுத்துக் காட்டுவாராம். நடந்த சம்பவம் கேட்டோம், சொல்லவில்லை.

மொத்தம்: 8/10