23-ஆம் தேதி ஞாயிறு இரவு பில்லிங்கை நிறுத்துவது பற்றி

12.08.2026
கோவில்பட்டி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நேற்று ஃபோனில் நான் சொன்னதும், "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு தம்பி, ஓடுறதை எதுக்கு நிறுத்தணும்?" என்று கேட்டீர்கள். கடையில் ஆள் நின்றுகொண்டிருந்ததால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான கேள்விதான், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், ராத்திரி கடை சாத்திய பிறகு படியுங்கள்.

நான் கேட்பது இதுதான். வருகிற 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 5 மணி வரை, கடையின் டேட்டாபேஸை முழுவதுமாக நிறுத்த வேண்டும். அந்த ஏழு மணி நேரமும் பில் போட முடியாது, ஸ்டாக் பார்க்க முடியாது, நீங்கள் வீட்டிலிருந்து மொபைலில் பார்க்கும் விற்பனைக் கணக்கும் வராது.

காரணம் இடம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பில்லிங்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினோம், ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் போட்ட முதல் பில்லில் இருந்து இன்று காலை போட்ட பில் வரை எல்லாம் ஒரே டேட்டாபேஸில்தான் இருக்கிறது. அதை நடத்துவது எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற மென்பொருளின் எக்ஸ்பிரஸ் பதிப்பு, அதாவது காசில்லாமல் கிடைப்பது. உங்கள் கடை அளவுக்கு அதுவே நன்றாகப் போதும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம்மிடம் இருக்கும் பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது. ஹார்டு டிஸ்கில் எவ்வளவு இடம் காலியாகக் கிடந்தாலும் கணக்கில்லை, 10,240 எம்பி வந்ததும் அதோடு சரி.

நேற்று பார்த்தேன், 9,630 எம்பி ஆகியிருக்கிறது. மீதி 610. கடையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 பில், ஒவ்வொன்றிலும் ஏழெட்டு சாமான், ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டாக்கில் கழித்ததாக ஒரு பதிவு, எல்லாம் சேர்ந்து தினம் 6 எம்பி ஏறுகிறது. அப்படிப் பார்த்தால் நூறு நாள் தாங்கும், நவம்பர் இருபது வாக்கில் நிரம்பும். ஆனால் நவம்பர் 8 தீபாவளி. கடைசி மூன்று வாரம் விற்பனை இரண்டு மடங்கு ஓடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன் அண்ணாச்சி, நிரம்புகிற நாள் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வந்து நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு ஃபோன் பண்ணினேன்.

நிரம்பினால் என்ன ஆகும்? பழைய பில்லைப் பார்க்கலாம், விலை பார்க்கலாம், எல்லாம் வேலை செய்வதுபோலவே இருக்கும். புது பில்லைச் சேமிக்கும்போது மட்டும் நிற்கும். சர்வரில் இப்படி ஒரு வரி வரும்:

```
CREATE DATABASE or ALTER DATABASE failed because the resulting
cumulative database size would exceed your licensed limit of
10240 MB per database.
```

டேட்டாபேஸ் அளவு அனுமதித்த 10,240 எம்பியைத் தாண்டப் போகிறது, இனி வளர விட மாட்டேன் என்று அது சொல்கிறது. கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வரிகூடத் தெரியாது, "பில் சேமிக்க முடியவில்லை" என்று மட்டும் வரும், அவர்கள் கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போடுவார்கள். வேறு ஊரில் ஒரு பாத்திரக் கடையில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே யாரும் கவனிக்கவில்லை, பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நின்றுவிட்டது. மூன்று நாள் கையால் பில் எழுதினார்கள். என்னைக் கூப்பிட்டபோது நடுக்கடையில் கூட்டம், அந்த நிலையில் நிதானமாக எதையும் செய்ய முடியவில்லை. உங்கள் கடையில் அப்படி ஒரு நாள் வரக்கூடாது.

வேகமும் குறைந்துவிட்டது. போன சனிக்கிழமை சாயங்காலம் முதல் கவுண்டர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு அம்மா இடுப்பில் குழந்தையோடு, ஒரு கையில் எண்ணெய்ப் பாக்கெட், இன்னொரு கையில் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டு நிற்கிறார். கவுண்டர் அக்கா பில்லைப் போட்டு முடித்து அச்சு பொத்தானை அழுத்தியதில் இருந்து காகிதம் வெளியே வர 11 விநாடி. அதற்குள் பின்னால் நான்கு பேர். போன வருடம் 16 ஜிபி ரேம் போட்டும் வேகம் கூடவில்லையே என்று கேட்டீர்கள். எக்ஸ்பிரஸ் பதிப்பு, டேட்டாவை எடுத்து வைத்துக்கொள்ள 1.4 ஜிபி அளவுக்குத்தான் ரேம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் சும்மா கிடக்கும். அதை அன்றைக்கே நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ஞாயிறு இரவு என்ன செய்யப்போகிறேன் என்றால், 2024 மார்ச் 31 வரைக்குமான பழைய பில்களை எல்லாம் தனியாக இன்னொரு டேட்டாபேஸுக்கு மாற்றப்போகிறேன். ஒரு பில்லைக்கூட அழிக்கவில்லை. ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் போடவேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், ஆடிட்டரும் கேட்பார், அதனால் எல்லாம் பத்திரமாக இருக்கும். 10 ஜிபி கணக்கு ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி என்பதால் இந்த வழி சரியாக வரும். பழைய பில் வேண்டுமென்றால் ரிப்போர்ட் பக்கத்தில் "பழைய வருடம்" என்று ஒரு பொத்தான் வைத்துவிடுவேன். கடையின் பாதி பாரம் இறங்கிவிடும், அதற்கப்புறம் இரண்டு இரண்டரை வருடத்துக்கு இந்தப் பேச்சு வராது.

இதைப் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். குடோனில் ஸ்டாக் எடுப்பதை நினைத்துப் பாருங்கள். சீனி மூட்டையை ஒரு பக்கம் நாம் எண்ணிக்கொண்டே வர, இன்னொரு பக்கம் பையன் இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் எண்ணிக்கை எப்படிச் சேரும்? அதனால்தானே அன்றைக்கு மட்டும் குடோன் கதவைச் சாத்துகிறோம். டேட்டாபேஸிலும் அதேதான். இடம் மாற்ற வேண்டியது ஏறக்குறைய 70 லட்சம் பதிவு வரிகள். ஒரே மூச்சில் சுமார் 5,000 வரிக்கு மேல் கை வைத்தால் சர்வர் அந்த முழுப் பட்டியலையும் பூட்டிவிடும், அந்த நேரத்தில் கவுண்டரில் பில் போட்டால் அப்படியே தொங்கும். சின்னச் சின்னப் பகுதியாக எடுத்தால் அதைத் தவிர்க்கலாம், அப்படித்தான் எடுக்கவும் போகிறேன். ஆனால் எடுத்து முடித்த பிறகு இண்டெக்ஸ் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். புத்தகத்தில் பாதிப் பக்கத்தைக் கிழித்தெடுத்தால் முன்னால் இருக்கும் பொருளடக்கத்தையும் மாற்றி எழுத வேண்டும் இல்லையா, அதுபோல. பில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யும் வசதி விலை கூடிய பதிப்பில்தான் உண்டு, நம்முடையதில் இல்லை. அதற்காக அவ்வளவு பணம் போடச் சொல்ல எனக்கு மனமில்லை, ஒரு ராத்திரி வேலைக்கு அது தேவையும் இல்லை. 2025 பதிப்பின் எக்ஸ்பிரஸில் வரம்பை 50 ஜிபியாக உயர்த்தியிருக்கிறார்கள், ஆனால் நம் பில்லிங் மென்பொருளை அதில் ஓட்டிப் பார்க்காமல் பண்டிகைக்கு முன் மாற்றுவது ஆபத்து. தீபாவளி முடியட்டும், அப்புறம் அதையும் பார்ப்போம்.

23-ஐத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. மாதத்தின் முதல் பத்து நாள் சம்பளக் கூட்டம். 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3பி ரிட்டர்ன் போட வேண்டும், அதுவரை கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு சர்வர் வேண்டும். 30-ஆம் தேதிக்குத் தள்ளினால் மறுநாள் மாதக் கடைசி, ஏதாவது பிசகினால் சரிசெய்ய நாள் இருக்காது. திங்கள் காலை கூட்டமும் குறைவு.

அன்றைக்கு 9:30-க்குக் கடைசி பில் போட்டு, பத்துக்குள் அன்றைய கணக்கை முடித்துவிடச் சொல்லுங்கள். பத்து மணிக்கு முதல் வேலையாக முழு பேக்கப் எடுத்து இரண்டு தனித்தனி டிஸ்கில் வைப்பேன். அந்த பேக்கப்பை என் லேப்டாப்பில் திறந்து, அன்றைய கடைசி பில் வரை அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி நான் எதையும் தொடுவதில்லை. அதற்கே பதினொன்றே கால் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் மாற்றும் வேலை. மூன்று மணிக்குள் முடியவில்லை, அல்லது எண்ணிக்கை ஒரு வரி உதைக்கிறது என்றாலும், அதற்கு மேல் முயற்சி செய்ய மாட்டேன். பேக்கப்பைத் திரும்பப் போட 40 நிமிடம் போதும், காலையில் கடை பழையபடியே திறக்கும், இன்னொரு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களிடம் சில உதவி வேண்டும். உங்கள் வீட்டுத் தம்பியை அன்று இரவு என்னோடு இருக்கச் சொல்லுங்கள், அல்லது நாலு மணிக்காவது வரச் சொல்லுங்கள். பழைய பில் ஐந்தாறு, உங்கள் கையில் காகிதமாக இருப்பது, 2019 பொங்கல் சமயத்துப் பில் மாதிரி ஏதாவது இருந்தால் கொடுத்தனுப்புங்கள். அதை அவர் கையாலேயே தேடிப் பார்த்து, தொகை சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் நான் கிளம்புவேன். ஜெனரேட்டரில் டீசல் நிரப்பி வையுங்கள், யு.பி.எஸ். முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஆவணி முகூர்த்த ஆர்டர் எதற்காவது திங்கள் விடியற்காலையில் சாமான் ஏற்ற வேண்டியிருந்தால், அந்தப் பில்லை ஞாயிறு இரவே போட்டு வைத்துவிடுங்கள். அஞ்சரை மணிக்கு வரும் காய்கறி வண்டியின் வரவை வழக்கம்போல் நோட்டில் எழுதி, ஏழு மணிக்கு மேல் ஏற்றிக்கொள்ளலாம். பில் நம்பர் விட்ட இடத்தில் இருந்தே தொடரும், அதில் மாற்றம் இல்லை. அப்படியும் ஒரு தற்காப்புக்கு, தனி வரிசை எண் போட்ட பில் புத்தகம் ஒன்று முதல் கவுண்டரில் இருக்கட்டும்.

இன்னொன்று, திங்கள் காலையில் சர்வரில் பார்த்தால் கோப்பின் அளவு குறையாமல் முந்தைய அளவைத்தான் காட்டும், தம்பி பார்த்துவிட்டு ஒன்றும் குறையவில்லையே என்று பயப்பட வேண்டாம். மூட்டைகளை எடுத்துவிட்டாலும் குடோன் அதே குடோன்தான், உள்ளே இடம் காலியாகியிருக்கும். புது பில்கள் அந்த இடத்தில் போய் உட்காரும். பில் வரும் வேகத்தை மட்டும் கவனியுங்கள், சாயங்காலம் நானே வந்து அதே முதல் கவுண்டரில் நின்று நேரம் பார்க்கிறேன்.

இந்த வார ஞாயிற்றுக்குள் உங்கள் முடிவு தெரிந்தால், கவுண்டர் பிள்ளைகளுக்கும் கணக்குப்பிள்ளை அண்ணனுக்கும் நானே நேரில் வந்து சொல்லிவிடுவேன். வேறு தேதிதான் தோது என்றால் செப்டம்பர் 27 ஞாயிறு சொல்லுங்கள், அதற்கு மேல் மட்டும் தள்ள வேண்டாம் அண்ணாச்சி.

அன்புடன்,
உங்கள் தம்பி
முருகேசன்