துதிக்கை லை

1974இல் எடுத்த போட்டோ. மதுரை டவுன்ஹால் ரோட்டில் தாத்தாவின் கடை வாசல். மேலே அவர் கையால் எழுதிய போர்டு, 'கலைக்கூடம்'. ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கினால் பூஞ்சைப் புள்ளிகள்தான் தெரிந்தன. போட்டோஷாப்பில் குளோன் ஸ்டாம்பால் ஒவ்வொன்றாக எடுத்தேன். 'லை' மட்டும் பாதி அழிந்திருந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி. என்னிடமிருந்த எந்த எழுத்துருவிலும் அது இல்லை. பென் டூலால் நாலு தடவை இழுத்தும் சரியாக வரவில்லை.

பின்னால் நின்ற அப்பத்தா சொன்னாள்: "விட்டு விட்டு இழுக்காதப்பா. ஒரே இழுப்பு. உங்க தாத்தா அதுக்கு மூச்சையே அடக்கிக்குவாரு."

மூச்சை அடக்கி இழுத்தேன்.

அப்பத்தா திரையைத் தொட்டாள், ஈரப் பெயிண்ட்டைத் தொடுவதுபோல், விரல் நுனியால்.