ஏழாம் வகுப்பு கணக்கு டெஸ்ட்டுக்கு மூணு கேள்வி

டீச்சர், திங்கக்கிழமை டெஸ்ட்டுக்கு கேள்வி கீழ இருக்கு, தப்பான ஆப்ஷன் எதுக்குன்னும் எழுதியிருக்கேன்.

1. ஆத்தங்குடி டைல் ஒண்ணோட பக்கம் 10 செ.மீ. பக்கத்த ரெண்டு மடங்கா ஆக்கினா புது டைலோட பரப்பளவு எத்தன ச.செ.மீ.?
அ) 40 ஆ) 80 இ) 200 ஈ) 400

விடை ஈ. இ போடுற பிள்ளைங்கதான் நெறைய இருக்கும் பாருங்க, பக்கம் டபுள்னா பரப்பும் டபுள்னு நெனச்சு 100ஐ 200 ஆக்கிருவாங்க. ஆ போட்டா சுற்றளவோட கொழப்பிக்கிறாங்க, அ போட்டா 20இன் வர்க்கத்த 20×2ன்னு போட்டிருக்காங்க. மொதல்ல பக்கம் 8னு வைக்கலாம்னு தோணுச்சு, ஆனா அப்ப பழைய டைலோட பரப்பும் 64, புது டைலோட சுற்றளவும் 64, பிள்ள எங்க தடுக்குச்சுன்னே தெரியாது.

2. எது பெருசு?
அ) 0.3 ஆ) 0.45 இ) 0.129

விடை ஆ. இ போட்டா புள்ளிய விட்டுட்டு 129னு படிக்கிறாங்க. அ போட்டா புள்ளிக்கப்புறம் எலக்கம் கொறஞ்சா பெருசுன்னு நெனப்பு. அதனாலதான் 0.4ஐ விடையா வைக்கல, வச்சா அந்தப் பிள்ளையும் தப்பா யோசிச்சே மார்க் வாங்கிரும். நாலாவது ஆப்ஷன் வேணாம், சும்மா எடத்த அடைக்கிறதுக்கு எதுக்கு?

3. 1000 ரூபா கண்டாங்கி சேலைக்கு 10% வெலை ஏத்தி, அந்த வெலையில 10% தள்ளுபடி. இப்ப எவ்வளவு?
அ) 1000 ஆ) 990 இ) 900

விடை ஆ. அ போட்டா ரெண்டு 10%மும் ஒண்ணுன்னு நெனச்சு அடிச்சுட்டாங்க, இ போட்டா ஏத்துனத கவனிக்கல.